முதல் வாக்கியத்தில் இல்லாத ‘டஸ்’

வேலைக்குப் போய்க்கொண்டே ஆங்கிலம் கற்கிறவர்களுக்கு மாலை நேரங்களில் நான் வகுப்பெடுக்கிறேன். ‘ஷி கேன் ஸ்விம், பட் ஹி கான்ட்’ என்ற வாக்கியத்தை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் பகுதியில் ‘ஸ்விம்’ வெளியே வராமல் தொக்கி நிற்கிறது. ‘கான்ட்’ என்ற துணைவினை மட்டும் எஞ்சுகிறது. விட்டதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். ‘அவளால் நீந்த முடியும், அவனால் முடியாது’ என்று நாமும் இப்படித்தானே சொல்கிறோம் என்று மாணவர்கள் கடந்து போய்விடுகிறார்கள். சிக்கல் அடுத்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. ‘ஷி லைக்ஸ் காஃபி, பட் ஹி டஸன்ட்’ என்று எழுதியபோது ஒரு மாணவி எழுந்து, “மேடம், முதல் பாதியில ‘டஸ்’ஸே இல்லையே, ரெண்டாவதுல மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்டார். இந்த விஷயம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன். அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கடைசியில் ஒலியைப் பற்றிப் பேசும்போது அது உதவும்.

பாடநூல்கள் பலவும் ‘முதல் வாக்கியத்தில் உள்ள துணைவினையைத் திரும்பச் சொல்லவும்’ என்ற அளவில் விதியை நிறுத்திக்கொள்கின்றன. துணைவினை வெளிப்படையாக இருக்கும் வாக்கியங்களுக்கு அது போதும். ஆனால் அன்றாடப் பேச்சில் பாதி இடங்களில் முதல் வாக்கியத்தில் துணைவினையே கண்ணில் படாது. பட்டாலும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிக் கிடக்கும். திரும்பச் சொல்வதற்கு முன்னால் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

‘லைக்ஸ்’ என்ற சொல்லில் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: விரும்புதல் என்ற செயல் ஒன்று, நிகழ்காலத்தையும் படர்க்கை ஒருமையையும் காட்டும் கடைசி ‘ஸ்’ மற்றொன்று. விட்டுவிடப்படுவது செயல் மட்டுமே. காலத்தை விட முடியாது, ஏனென்றால் முழுமையான ஆங்கில வாக்கியம் எதுவும் காலம் காட்டாமல் நிற்காது. செயல் போய்விட்ட பிறகு அந்த ‘ஸ்’ ஒட்டிக்கொள்ள ஆளில்லாமல் தனித்துவிடுகிறது. அதைச் சுமப்பதற்காகவே ‘டூ’ வருகிறது. ‘டூ’வுடன் ‘ஸ்’ சேர்ந்து ‘டஸ்’ ஆகிறது. ‘லைக்ட்’ என்ற இறந்தகால வடிவமாக இருந்திருந்தால், அதே வேலைக்கு ‘டிட்’ வந்திருக்கும். 1957-இல் நோம் சாம்ஸ்கி ஆங்கில வினையை இப்படித்தான் பிரித்துக் காட்டினார். வினாவில் ‘டஸ் ஷி லைக்’ என்றும், மறுப்பில் ‘டஸன்ட் லைக்’ என்றும், ‘ஸோ டஸ் ஹி’ என்ற தொடரிலும் ‘டஸ்’ வருவதற்குக் காரணம் ஒன்றே என்பது அவருடைய விளக்கம். ஆகவே அந்த மாணவிக்கான விடை இது: ‘டஸ்’ வெளியிலிருந்து வரவில்லை, அதன் ‘ஸ்’ முதல் பாதியில் ‘லைக்ஸ்’ என்பதற்குள்ளேயே இருந்தது.

தமிழர்கள் இந்த இடத்தில் ஏன் தடுமாறுகிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. தமிழ் வினை, காலத்தையும் ஆளையும் தன் உடலிலேயே விகுதிகளாகச் சுமக்கிறது. ‘வந்தாயா?’ என்று கேட்டால் ‘வந்தேன்’ என்று முதல்வினையையே திரும்பச் சொல்லி விடையளிக்கிறோம். ‘அவள் வந்தாள்’ என்றபின் ‘அவன் வரவில்லை’ என்று ‘வர’ என்பதை மீண்டும் சொல்கிறோம். ‘முடியும்’ என்பது தனியே நிற்கக்கூடிய சொல்லாக இருப்பதால் ‘அவனால் முடியாது’ என்று நிறுத்த முடிகிறது. ‘போகலாம்’ என்பதில் உள்ள ‘லாம்’ தனித்து நிற்காது. ஆகவே ‘அவள் போகலாம், அவன் போகக் கூடாது’ என்று ‘போக’ என்பதைத் திரும்பச் சொல்லியே ஆக வேண்டும். நீச்சல் வாக்கியம் எளிதாக இருப்பதற்கும் காப்பி வாக்கியம் கடினமாக இருப்பதற்கும் இதுவே காரணம். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வருபவர் ‘ஷி கேம், பட் ஹி நாட்’ என்கிறார்; அல்லது ‘ஷி லைக்ஸ் காஃபி, பட் ஹி இஸன்ட்’ என்கிறார். முதலாவதில் காலத்தைச் சுமக்க ஆளே இல்லை. இரண்டாவதில் சுமக்க ஆள் உண்டு, ஆனால் தவறான ஆள். ‘இஸன்ட்’ என்பதற்குப் பின்னால் ‘லைக்’ என்று போட்டுப் பார்த்தால் அது பொருந்தாது என்பது உடனே தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன்: விட்டதை மீண்டும் இட்டு, இரண்டாம் வாக்கியத்தை முழுதாக எழுதிப் பார்க்க வேண்டும். ‘ஹி டஸன்ட் லைக் காஃபி’ என்பது சரியான வாக்கியம் என்றால், ‘ஹி டஸன்ட்’ என்று நிறுத்துவதும் சரி. முதல் வாக்கியத்தை வினாவாக்கிப் பார்ப்பது இன்னொரு வழி. வினாவில் எழுவாய்க்கு முன்னால் எந்தச் சொல் வந்து நிற்கிறதோ அதுவே நாம் தேடும் துணைவினை. பின்னொட்டு வினாக்களும் இதே சொல்லைத்தான் கேட்கின்றன. எதற்கும் ‘இஸன்ட் இட்’ போடுவது நம்மிடையே வேரூன்றிவிட்ட பழக்கம். தமிழ் ‘இல்லையா’ என்பது எந்த வினைக்குப் பின்னும் மாறாமல் வருவது அதற்குத் துணைபோகிறது என்று நினைக்கிறேன்.

இனி, துணைவினை இருந்தும் கண்ணுக்குத் தெரியாத இடங்கள். எழுத்தில் ‘அபாஸ்ட்ரஃபி’ என்ற மேற்குறியோடு ஒட்டிக்கொள்ளும் ‘ட்’ ஒலியை எடுத்துக்கொள்வோம். ‘ஷீட்’ என்று சுருங்கிவரும் வடிவம் ‘ஷி ஹேட்’ என்பதாகவும் இருக்கலாம், ‘ஷி உட்’ என்பதாகவும் இருக்கலாம். வகுப்பில் நான் இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்து எழுதுவேன். ‘ஷீட் லெஃப்ட் பை நைன், பட் ஹி…’ என்பது ஒன்று. ஒன்பது மணிக்குள் அவள் கிளம்பியிருந்தாள், அவன் கிளம்பியிருக்கவில்லை. ‘ஷீட் லீவ் டுடே, பட் ஹி…’ என்பது மற்றொன்று. அவளாக இருந்தால் இன்றே கிளம்பிவிடுவாள், அவன் கிளம்பமாட்டான். முதலாவதில் ‘லெஃப்ட்’ என்ற மூன்றாம் வடிவம் பின்னால் வருகிறது. மூன்றாம் வடிவத்தை ஏற்பது ‘ஹேட்’ என்பதால் ‘ஹி ஹேடன்ட்’ என்று முடிக்க வேண்டும். இரண்டாவதில் ‘லீவ்’ என்ற மாறாத வடிவம் வருகிறது. அதை ஏற்பது ‘உட்’ என்பதால் ‘ஹி உடன்ட்’ என்று முடிக்க வேண்டும். சுருங்கிய துணைவினை தன்னை மறைத்துக்கொண்டாலும், தனக்குப் பின்னால் வரும் வினையின் வடிவத்தில் தன் அடையாளத்தை விட்டுச்செல்கிறது.

இந்த அடையாளமும் கைவிடும் சொற்கள் சில உண்டு. ‘கம்’ என்ற வினைக்கு முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே. ‘புட்’, ‘கட்’ ஆகியவையும் அப்படியே. ‘ஷீட் கம் எர்லி’ என்பதை மட்டும் தனியே கொடுத்து இரண்டாம் பாதியை நிரப்பச் சொன்னால், ‘ஹேடன்ட்’, ‘உடன்ட்’ என்ற இரண்டும் சரியே. அந்த வாக்கியம் ‘கூட்டம் தொடங்கியபோது’ என்று நடந்துமுடிந்த ஒரு நாளைப் பற்றிப் பேசுகிறதா, ‘அப்போதெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும்’ என்று ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேசுகிறதா என்பது முன்னால் வந்த பேச்சிலிருந்துதான் தெரியவரும். சூழலைத் தராமல் இத்தகைய வாக்கியத்துக்கு ஒரே விடைதான் உண்டு என்று தேர்வில் கேட்பது நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து. வேறு இரண்டு தொடர்களை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளலாம்: பின்னால் ‘ராதர்’ வந்தால் சுருங்கியிருப்பது ‘உட்’, ‘பெட்டர்’ வந்தால் ‘ஹேட்’.

‘ஷீஸ்’ என்ற சுருக்கமும் இதே வகை. ‘ஷீஸ் ஈட்டிங்’ என்றால் உள்ளே இருப்பது ‘இஸ்’, ஆகவே ‘ஹி இஸன்ட்’. ‘ஷீஸ் ஈட்டன்’ என்றால் ‘ஹேஸ்’, ஆகவே ‘ஹி ஹேஸன்ட்’. ஆனால் மூன்றாம் வடிவம் வந்தாலே ‘ஹேஸ்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது, ஏனென்றால் செயப்பாட்டு வினையிலும் அதே வடிவம்தான் வருகிறது. ‘ஷீஸ் இன்வைட்டட்’ என்று வாக்கியம் அங்கேயே நின்றால், அவளுக்கு அழைப்பு இருக்கிறது என்று பொருள். அவனுக்கு இல்லை என்பதை ‘ஹி இஸன்ட்’ என்று சொல்ல வேண்டும். ‘ஷீஸ் இன்வைட்டட் தெம்’ என்று செயப்படுபொருள் ஒன்று பின்னால் வந்துவிட்டால், அவள் அவர்களை அழைத்திருக்கிறாள் என்று பொருள் மாறுகிறது. இப்போது ‘ஹி ஹேஸன்ட்’. அழைத்தவளா அழைக்கப்பட்டவளா என்பது தெரியாமல் இரண்டாம் பாதியில் எந்தத் துணைவினையையும் எழுத முடியாது. இலக்கணப் பயிற்சி போலத் தோன்றும் இந்த வெற்றிடம், உண்மையில் முதல் வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொண்டோமா என்பதையே சோதிக்கிறது.

சுருங்காமல் முழுதாகக் கண்ணெதிரே நின்றும் ஏமாற்றும் சொல் ‘ஹேஸ்’. ‘ஷி ஹேஸ் ஃபினிஷ்ட்’ என்பதில் அது துணைவினை; ‘ஹி ஹேஸன்ட்’ என்று முடிக்கலாம். ‘ஷி ஹேஸ் எ கார்’ என்பதில் அது உடைமையைக் குறிக்கும் முதல்வினை. இன்றைய வழக்கில் ‘ஹி டஸன்ட்’ என்பதே இயல்பு. ‘ஷி ஹேஸ் டு கோ’ என்பதிலும் ‘டஸன்ட்’ தான். பிரித்தானியர் பேச்சில் மிகுதியாகக் கேட்கும் ‘ஷி ஹேஸ் காட் எ கார்’ என்ற வடிவில் மட்டும் ‘ஹேஸ்’ மீண்டும் துணைவினையாகிவிடுவதால் ‘ஹி ஹேஸன்ட்’ வருகிறது. ஒரே பொருள், ஒரே கார். ‘காட்’ என்ற ஒரு சொல் நுழைந்ததும் விடை மாறிவிடுகிறது. இங்கும் வினாச் சோதனை கைகொடுக்கும்: ‘டஸ் ஷி ஹேவ்’ என்று தொடங்குகிறதா, ‘ஹேஸ் ஷி காட்’ என்று தொடங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

இதுவரை இரு பாதிகளிலும் ஒரே துணைவினை வந்தது, அது கட்டாயமன்று. ‘ஷி ஸ்வாம் எஸ்டர்டே, ஹி வில் டுமாரோ’ என்பது பழுதற்ற வாக்கியம். முதல் பாதியில் ‘ஸ்வாம்’ என்ற இறந்தகால வடிவம். இரண்டாம் பாதியில் தொக்கி நிற்பதோ ‘ஸ்விம்’. வடிவம் வேறுபட்டாலும் வினை ஒன்றே என்பதால் கேட்பவருக்கு எந்தத் தடையும் இல்லை. ‘ஹி ஹேஸன்ட் கால்ட், பட் ஹி வில்’ என்பதும் அப்படித்தான். துணைவினையைத் திரும்பச் சொல்லும் விதி என்று மட்டும் கற்றவர்கள் இந்த வாக்கியங்களைப் பிழை என்று திருத்திவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வாக்கியம் தனக்கு வேண்டிய துணைவினையைத் தானே தேர்ந்துகொள்ளும்; முதல் வாக்கியத்திலிருந்து அது கடன் வாங்குவது முதல்வினையை மட்டுமே.

இதற்கு ஒரு வினை மட்டும் விலக்கு. ‘ஷி இஸ் எ டாக்டர்’ என்று சொல்லிவிட்டு, அவள் தம்பியும் அடுத்த ஆண்டு மருத்துவனாவான் என்பதைச் சேர்க்க ‘ஹி வில் நெக்ஸ்ட் இயர்’ என்று சொல்ல முடியாது. ‘ஹி வில் பி நெக்ஸ்ட் இயர்’ என்று ‘பி’ கட்டாயம் வெளியே வர வேண்டும். ‘ஸ்வாம்’ என்பதிலிருந்து ‘ஸ்விம்’ என்பதைக் கேட்பவர் எடுத்துக்கொள்வதுபோல, ‘இஸ்’ என்பதிலிருந்து ‘பி’ என்பதை எடுத்துக்கொள்ள ஆங்கிலம் அனுமதிப்பதில்லை. ‘இஸ்’ முதல்வினையாக வரும்போதும் துணைவினையின் இருக்கையில்தான் அமர்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். வினாவில் அது ‘டஸ்’ எதையும் கேட்காமல் தானே எழுவாய்க்கு முன்னால் போய் நிற்பதால், எனக்கு அந்த விளக்கம் ஏற்புடையதாகவே இருக்கிறது. விடப்படும் பகுதி அந்த இருக்கைக்குப் பின்னால் தொடங்குகிறது. அங்கே ‘எ டாக்டர்’ மட்டுமே இருக்கிறது, ‘பி’ இல்லை.

துணைவினைகள் ஒன்றுக்கு மேல் அடுக்கி வரும்போது எத்தனையை வைத்துக்கொள்வது என்ற கேள்வியும் எழும். முதலாவதை விடவே முடியாது. பின்னால் வருபவற்றில் பொருள் எதைச் சார்ந்திருக்கிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டும். ‘வில் ஷி லீவ்?’ என்று கேட்பவருக்கு ‘ஷி மைட்’ என்றால், கிளம்பினாலும் கிளம்பலாம் என்று பொருள். ‘ஹேஸ் ஷி லெஃப்ட்?’ என்று கேட்பவருக்கு ‘ஷி மைட் ஹேவ்’ என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே கிளம்பியிருக்கலாம் என்று பொருள். அந்த ‘ஹேவ்’ இல்லாவிட்டால், நடந்துமுடிந்திருக்கக்கூடிய ஒன்றைக் கேட்டவருக்கு, இனி நடக்கக்கூடிய ஒன்றைச் சொன்னதாகிவிடும். ‘ஷி குட் ஹேவ் பீன் செலக்டட்’ என்பதற்கு எதிராக ‘ஹி குடன்ட் ஹேவ்’ என்றும் நிறுத்தலாம், ‘ஹி குடன்ட் ஹேவ் பீன்’ என்றும் நிறுத்தலாம். முதல் வாக்கியத்திலேயே ‘பீன்’ இருப்பதால், இங்கே அதை விடுவதும் வைப்பதும் நம் விருப்பம்.

இப்படிப்பட்ட துணைவினைகளாலேயே ஒரு நீண்ட உரையாடல் நடக்க முடியும். ‘வில் ஹி?’, ‘ஹி மைட். ஹிஸ் பிரதர் ஹேஸ்’, ‘பட் ஷுட் ஹி?’ என்று இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து சேரும் மூன்றாமவருக்கு, எந்தச் செயலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது கடைசிவரை விளங்காது. தொடக்கத்தில் சொல்லப்பட்ட முதல்வினையைக் கேட்டவர்களுக்கு மட்டும் திறக்கும் பேச்சு என்பதால், மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் இதை மறைகுறி என்ற பொருள்படும் ‘கோட்’ என்ற பெயரால் குறித்தார். ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்கு 1934-இல் தமிழ் ஒலிப்பைப் பற்றிய பின்னிணைப்பை எழுதியவரும் இவரே.

ஒலிக்கு வருகிறேன், எழுத்துப் பயிற்சியில் இது கண்ணில் படுவதேயில்லை. தொடர்ந்து ஓடும் பேச்சில் ‘ஷி கேன் ஸ்விம்’ என்பதிலுள்ள ‘கேன்’ தன் உயிரொலியை இழந்து ‘க்ன்’ என்ற அளவுக்குத் தேய்ந்துவிடும். பின்னால் ஒன்றும் வராமல் தொக்கி நிற்கும் இடத்தில் அது தேய்வதில்லை. ‘ஹி கான்ட், பட் ஷி கேன்’ என்பதில் கடைசிக் ‘கேன்’ முழு உயிரோடு ஒலிக்க வேண்டும். மறுப்புச் சொல்லையும் ‘கேன்ட்’ என்றே ஒலிக்கும் அமெரிக்கர் பேச்சில் இதனால் ஒரு தொல்லை உண்டு. வாக்கிய நடுவில் ஒன்று தேய்ந்தும் மற்றொன்று நிறைந்தும் ஒலிப்பதால் அவற்றைப் பிரித்தறியலாம். இறுதியில் இரண்டும் நிறைந்தே ஒலிப்பதால், கடைசி ‘ட்’ காதில் விழாவிட்டால் முடியும் என்றாரா முடியாது என்றாரா என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. தொலைபேசியில் வாடிக்கையாளரோடு பேசும் வேலையில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

தேய்வதே தடைப்படும் இடத்தில் சுருங்குவதும் தடைப்படும். ‘ஷி இஸன்ட் ரெடி, பட் ஐ ஆம்’ என்று சொல்ல வேண்டும். ‘பட் ஐம்’ என்று முடித்தால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் வாக்கியத்தின் மீதி எங்கே என்று காத்திருப்பார். ‘ஹி வில்’ என்பதை ‘ஹீல்’ என்றும், ‘ஷி ஹேஸ்’ என்பதை ‘ஷீஸ்’ என்றும் அங்கே சுருக்க முடியாது. ‘கான்ட்’, ‘டஸன்ட்’ போன்ற மறுப்புச் சுருக்கங்களுக்கு இந்தத் தடை இல்லை. ‘ஐம் நாட்’ என்பதும் தவறன்று. அங்கே வெற்றிடம் ‘நாட்’ என்பதற்குப் பின்னால்தான் இருக்கிறது, சுருங்கிய ‘ஐம்’ என்பதற்கு அடுத்து இல்லை. 1970-இல் ஹெரால்ட் கிங் என்ற மொழியியலாளர் இந்தத் தடையைப் பற்றி எழுதியபோது, சொல் விடுபட்ட இடங்களோடு, சொல் இடம்பெயர்ந்து முன்னால் போன இடங்களும் இதே போல் நடந்துகொள்வது கவனத்துக்கு வந்தது. ‘ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்’ என்பதில் எந்தச் சொல்லும் விடப்படவில்லை. ‘இஸ்’ என்பதற்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய இடப்பெயர்தான் ‘வேர்’ ஆகி முன்னால் வந்திருக்கிறது. ஆயினும் பின்னால் வெற்றிடம் இருப்பதால் அங்கேயும் ‘ஹீஸ்’ என்று சுருக்க முடிவதில்லை.